வெறும் வாளி, நிறைந்த வாளி, நடுவில் கடகடக்கும் கியர்: ஸ்லைடிங் மோட் பற்றி

கேள்வி: "சேர், இறுதியாண்டு புரொஜெக்டுக்கு எங்கட துலாவைச் சின்ன மாடலாகச் செய்து மோட்டாரால் இயக்குகிறோம். வாளி வெறுமையா நிறைந்ததா என்று தெரியாமலே கை சொன்ன கோணத்தில் நிற்க வேண்டும் என்பதால் ஸ்லைடிங் மோட் கன்ட்ரோல் எடுத்தோம். சிமுலேஷனில் அருமையாக வருகிறது. மோட்டாரில் போட்டால் கியர் கடகடவென்று அடிக்கிறது, டிரைவர் சூடாகிறது. மாடல் பிழையாக இருந்தாலும் இது தாங்கும் என்கிறார்களே, எப்படித் தாங்குகிறது? இந்த அடியை எப்படி நிறுத்துவது?"

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் K·sgn(s) என்ற உறுப்புதான் மாடல் பிழையை விழுங்குகிறது, அதே உறுப்புதான் கியரையும் அடிக்கிறது. ஆகவே ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கழற்றி எறிய முடியாது. எவ்வளவு துல்லியத்தை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு அமைதி கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். அதற்கு எண்கள் வேண்டும். உங்கள் மாடல் இதுபோல இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன், உங்கள் அளவுகளைப் பிறகு போட்டுப் பாருங்கள்.

அச்சிலிருந்து வாளி வரை கையின் நீளம் 0.5 மீற்றர். வாளியின் திணிவு வெறுமையாக 0.2 கிலோ, நிறைந்தால் 1.0 கிலோ. பின்பக்கத்துப் பாரத்தை நடுவான 0.6 கிலோவுக்குச் சமன் செய்து கட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் எந்தப் பக்கமானாலும் மிஞ்சுவது 0.4 கிலோதான். கை கிடையாக இருக்கும்போது அது அச்சில் 0.4 × 9.81 × 0.5, கிட்டத்தட்ட 2 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை. அச்சிலும் கியரிலும் உராய்வு 0.3 என்று வைப்போம். ஆக நமக்குத் தெரியாத முறுக்கு, அதை d என்போம், எந்த நேரமும் 2.3-க்கு மேல் போகாது. சடத்துவத் திருப்பம் J கைக்கும் பாரத்துக்கும் சேர்த்து 0.15, வாளி சேர்ந்தால் 0.20-இலிருந்து 0.40 வரை எங்கேயும் இருக்கலாம். கட்டுப்படுத்தியை எழுதும்போது நடுவான 0.30 என்று ஊகித்துக்கொள்கிறோம்.

கையின் கோணம் θ, மோட்டார் தரும் முறுக்கு u என்றால் இயக்கம் J·θ'' = u − d. நாம் கேட்ட கோணம் θd, வழு e = θ − θd. இனி s = e' + λe என்று ஒரு கணியத்தை எடுக்கிறோம், λ = 4. இந்த s-ஐ எப்படியாவது சுழியத்தில் பிடித்து வைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். e' = −4e. அந்தச் சமன்பாட்டில் J இல்லை, d இல்லை, உராய்வு இல்லை, வாளியே இல்லை. 0.5 ஆரையன் வழுவோடு தொடங்கினால் ஒரு செக்கனில் அது 0.009 ஆரையன், அதாவது அரைப் பாகைக்குச் சுருங்கும். வெறும் வாளிக்கும் அதுதான், நிறைந்த வாளிக்கும் அதுதான். மாடல் பிழை "குறைவாகப் பாதிக்கிறது" என்பது இல்லை; s = 0 என்ற கோட்டின் மேல் அது பாதிக்கவே இல்லை. PID-ஐ எவ்வளவு நன்றாக ட்யூன் செய்தாலும் இந்தப் பேச்சைப் பேச முடியாது.

அந்தக் கோட்டில் பிடித்து வைப்பதுதான் K-யின் வேலை. கட்டுப்பாட்டு விதி:

```
s = w + lam*e;
u = -Jh*lam*w - K*sgn(s);
```

இங்கே w என்பது e', Jh என்பது நாம் ஊகித்த 0.30, sgn(s) என்பது s-இன் குறி, அதாவது +1 அல்லது −1. இதை இயக்கச் சமன்பாட்டில் போட்டால் J·s' = −d + (J − Jh)·λ·w − K·sgn(s) என்று வரும். வலப்பக்கத்தில் முதல் இரண்டும் நம் அறியாமை. முதலாவது அதிகபட்சம் 2.3. இரண்டாவதில் J − Jh அதிகபட்சம் 0.1, λ = 4, கையின் கோண வேகம் செக்கனுக்கு 2 ஆரையனைத் தாண்டாது என்றால் 0.8. மொத்தம் 3.1. K-ஐ 4 என்று வைத்தால் அறியாமை எந்தப் பக்கம் தள்ளினாலும் 0.9 நியூட்டன் மீற்றர் மிச்சத்தோடு s எப்போதும் சுழியத்தை நோக்கித்தான் நகரும். மிக மோசமான J = 0.4-இலும் s' செக்கனுக்கு 2.25-க்குக் குறையாது. தொடக்கத்தில் s = 4 × 0.5 = 2. ஆகவே 0.9 செக்கனுக்குள் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும். லியப்புனோவ் சார்பு, அது இது என்று புத்தகத்தில் வருவது இந்தக் கணக்குத்தான்.

துலா மிதிக்கிறவர் வாளியில் எத்தனை லீற்றர் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு மிதிப்பதில்லை. கை பிந்துகிறதா முந்துகிறதா என்று பார்த்து அந்தப் பக்கம் பாரத்தைப் போடுகிறார். sgn(s) செய்வதும் அவ்வளவுதான். அதற்குப் பாரத்தின் அளவு தேவையில்லை, எல்லை தெரிந்தால் போதும்.

இதில் இன்னொரு சுவையான விஷயம் இருக்கிறது. கை நின்ற நிலையில் u மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தாலும் அதன் சராசரி சரியாக d-க்குச் சமன். u-வை ஒரு மெதுவான வடிகட்டியில் விட்டால் கிடையான கையில் எவ்வளவு பாரம் மிஞ்சி நிற்கிறது என்று, உராய்வளவு பிழையோடு, படித்துவிடலாம். வாளியின் திணிவைக் கேட்காமல் ஓடும் கட்டுப்படுத்தி அதை நமக்குச் சொல்லிவிடுகிறது. உங்கள் அறிக்கையில் ஒரு வரைபடமாகப் போடலாம்.

சரி, இந்தத் தாங்கும் தன்மைக்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, குழப்பம் u நுழையும் அதே வாசலால் நுழைய வேண்டும். இதைத் தெளிவாக எழுதிக் காட்டியவர் திராஜெனோவிச், 1969-இல். மொஸ்கோவில் எமெல்யானோவும் உட்கினும் இந்தத் துறையை வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் கையில் வாளியின் பாரமும் உராய்வும் அச்சின் முறுக்காகவே வருகின்றன, ஆகவே பிரச்சினை இல்லை. ஆனால் கயிற்றில் தொங்கும் வாளி ஊசலாடினால் அந்த ஊசலை இந்த s கட்டுப்படுத்தாது. கை அசையாமல் நிற்கும், வாளி தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறக்கிறார்கள்: கேட்ட முறுக்கை மோட்டார் உண்மையில் கொடுக்க வேண்டும். மேலே உள்ள விதி அதிகபட்சம் 0.3 × 4 × 2 + 4 = 6.4 நியூட்டன் மீற்றர் கேட்கும். கியருக்குப் பின்னால் உங்கள் மோட்டார் 3 தான் தரும் என்றால் 3.1 அறியாமையை அதால் வெல்ல முடியாது. அந்த நேரத்தில் நிரூபணமும் இல்லை, தாங்குதலும் இல்லை.

இனி அடிக்கு வருவோம். நிரூபணத்தில் ஒளிந்திருக்கும் ஒரு எடுகோள், s-இன் குறி மாறிய அதே கணத்தில் முறுக்கும் மாறும் என்பது. உங்கள் சிமுலேஷன் அந்த எடுகோளை அப்படியே நம்பியது, அதனால்தான் அழகாக வந்தது. உண்மை மோட்டாரில் சுருளின் தூண்டலால் மின்னோட்டம் திரும்புவதற்குச் சில மில்லிசெக்கன் எடுக்கும். வேகத்தை அளந்து வடிகட்டுவதற்கு இன்னும் சில. அதற்குள் s கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். திரும்பி வரும்போதும் அதே தாமதம், இந்தப் பக்கம் தாண்டும். இப்படி s சுழியத்தில் நிற்காமல் சுழியத்தைச் சுற்றி ஒரு நிலையான அலைவாக மாறிவிடுகிறது. சாட்டரிங் என்பது இதுதான்.

அளவு போட்டுப் பார்ப்போம். மின்னோட்டத்துக்கு 5 மில்லிசெக்கன், வேக வடிகட்டிக்கு 5 மில்லிசெக்கன் என இரண்டு முதல் வரிசைத் தாமதங்கள் இருக்கட்டும், இரண்டையும் τ என்போம். ரிலேக்கான டிஸ்கிரைபிங் ஃபங்ஷன் முறையில் அலைவின் கோண மீடிறன் 1/τ, அதாவது செக்கனுக்கு 200 ஆரையன், சுமார் 32 ஹேர்ட்ஸ். வடிகட்டிய s-இன் வீச்சம் 4K/π × τ/(2J). நிறைந்த வாளிக்கு 0.03, வெறும் வாளிக்கு 0.06. ஆகவே பாரமில்லாத வாளியில்தான் அடி கூடுதலாக இருக்கும். உங்கள் மாடலில் அப்படி இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. s-இல் இந்த அலைவு பெரும்பாலும் வேகத்தில்தான் இருக்கிறது. கோணமாக மாற்ற 200-ஆல் வகுக்க வேண்டும். வருவது ஆரையனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கோணத்தின் வரைபடத்தைப் பார்த்தால் கோடு நேராக இருக்கும், "நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். அதே நேரம் முறுக்கு செக்கனுக்கு 32 தரம் −4-க்கும் +4-க்கும் பாய்ந்துகொண்டிருக்கும். கியர்ப் பற்களுக்கு இடையில் உள்ள ஆட்டம் மலிவான கியர் மோட்டாரில் ஒரு பாகை அளவுக்குக்கூட இருக்கும். அலைவின் கோணம் அதற்குள் அடங்கிவிடுவதால் ஒரு பல் மற்றப் பல்லின் இரு பக்கத்தையும் மாறி மாறி அடிக்கிறது. நீங்கள் கேட்கும் கடகடப்பு அதுதான். டிரைவர் சூடாவதற்கும் இதுதான் காரணம்: கை நின்றிருந்தாலும் மின்னோட்டம் இரு திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே சாட்டரிங்கைக் கோணத்தில் தேடாதீர்கள். u-விலும் மின்னோட்டத்திலும் தேடுங்கள், காதாலும் தேடலாம்.

இன்னொன்றையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் மாணவர் புரொஜெக்டுகளில் "சாட்டரிங்" என்று சொல்லப்படுவதில் பாதி என்கோடரின் வேலை என்பது என் எண்ணம். கையின் அச்சில் ஒரு சுற்றுக்கு 2400 எண்ணிக்கை தரும் என்கோடர் வைத்திருக்கிறீர்கள் என்போம். ஒரு எண்ணிக்கை 0.0026 ஆரையன். ஒவ்வொரு மில்லிசெக்கனும் கழித்து வேகம் எடுத்தால் மிகச் சிறிய வேகப்படி செக்கனுக்கு 2.6 ஆரையன். கையின் அதிகபட்ச வேகமே 2 தான்! அப்போது s என்பது உண்மையில் வெறும் இரைச்சல், sgn அந்த இரைச்சலின் குறியை மோட்டாருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதே என்கோடரை மோட்டார் அச்சில் வைத்து, கியர் 50:1 என்றால், படி 0.05-க்கு இறங்கும். இதைச் சரி செய்யாமல் எந்தச் சூத்திரத்தை மாற்றினாலும் பயனில்லை. ஆனால் மோட்டார் அச்சில் வைத்தால் கியர் ஆட்டத்துக்கு அப்பால் கை எங்கே நிற்கிறது என்று தெரியாது. அந்த ஒரு பாகை உங்கள் துல்லியத்தில் கழிந்துவிடும்.

எது எது என்று பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. K-ஐப் பாதியாக்கி, வாளியை 0.6 கிலோவில் சமனாக வைத்து, u-வைப் பதிவு செய்யுங்கள். மீடிறன் மாறாமல் s-இன் வீச்சம் மட்டும் பாதியானால் தாமதத்தால் வரும் அலைவு. சாம்பிள் நேரத்தை 1 மில்லிசெக்கனிலிருந்து 2 ஆக்கியதும் ஒலியின் சுருதி நன்றாக இறங்கினால் காரணம் சாம்பிளிங். ஒழுங்கான மீடிறனே இல்லாமல் குறிகள் தாறுமாறாக மாறினால் என்கோடர்ப் படி. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மருந்துக்கு வருவோம். முதல் மருந்து யாரும் விரும்பாதது: K-ஐக் குறைப்பது. வீச்சம் K-க்கு நேர்விகிதம். ஆனால் K அறியாமையை விடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஆகவே அறியாமையைத்தான் குறைக்க வேண்டும். தெரிந்ததையெல்லாம் u-வின் முதல் பகுதியில் கணக்காகப் போட்டுவிட்டு, தெரியாததை மட்டும் K-யிடம் விடுங்கள். பின்பாரத்தை 0.6-க்குச் சமன் செய்ததே அப்படியான வேலைதான்; அதை வெறும் வாளிக்குச் சமன் செய்திருந்தால் d 4-க்கு மேல் போயிருக்கும், K-யும் 5-ஐத் தாண்டியிருக்கும், அடியும் அதே விகிதத்தில் கூடியிருக்கும். "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று K = 10 போடுவது பலரின் வழக்கம். அது பாதுகாப்பு இல்லை, கியருக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது மருந்து, sgn(s)-க்குப் பதிலாக sat(s/φ). |s| φ-க்கு மேல் இருந்தால் பழையபடி ±1, உள்ளே வந்தால் நேர்கோடு. φ-ஐ எவ்வளவு என்று வைப்பது? உள்ளே வந்ததும் தடத்தின் பெருக்கம் K/(Jφ). நம் இரண்டு 5 மில்லிசெக்கன் தாமதங்களோடு இது 2/τ = 400-ஐத் தாண்டினால் மீண்டும் அலைவு தொடங்கும். மோசமான நிலை வெறும் வாளி, J = 0.2. அதற்கு φ குறைந்தது 0.05 வேண்டும். விளிம்பில் நிற்காமல் நாலு மடங்கு, φ = 0.2 எடுத்தால் பெருக்கம் 100, அமைதியாக இருக்கும். என்கோடர்ப் படி 0.05-ஐ விடவும் φ பெரிதாக இருப்பதால் இரைச்சலும் அடங்கும்.

விலை என்ன? உள்ளே s சுழியம் இல்லை. நின்ற நிலையில் K·s/φ தான் d-ஐத் தாங்க வேண்டும், ஆகவே கையின் வழு d·φ/(K·λ). d = 2.3-க்கு அது 2.3 × 0.2 / 16, சுமார் 0.029 ஆரையன், 1.7 பாகை. வாளி நிறைய நிறையக் கை அவ்வளவு தாழும். மேலே பெருமையாகச் சொன்ன "வாளியே இல்லை" என்ற நிலை போய்விட்டது. ஆனால் d எப்படி ஆடினாலும், கை φ எல்லைக்குள் வந்து சற்று நேரம் போனபின் வழு φ/λ = 0.05 ஆரையனைத் தாண்டாது என்ற உத்தரவாதம் இன்னும் இருக்கிறது. 1.7 பாகை உங்களுக்குப் போதும் என்றால் இத்தோடு நிறுத்துங்கள்.

போதாது என்றால், s-இல் ஒரு தொகையீட்டைச் சேர்க்கலாம்: s = e' + 2λe + λ²∫e. வாளி நிறைய ஓரிரு செக்கன் எடுப்பதால் d மெதுவாகத்தான் மாறுகிறது. தொகையீடு அதைப் பின்தொடர்ந்து தாழ்வைச் சுழியமாக்கும். u-வின் முதல் பகுதியும் இதற்கேற்ப −Jh(2λe' + λ²e) என்று மாறும், K-ஐயும் திரும்பக் கணக்கிட வேண்டும். மோட்டார் உச்சத்தில் முட்டி நிற்கும் நேரத்தில் தொகையீட்டை நிறுத்தி வைக்க மறந்தால் கை பெரிதாகத் தாண்டிப் போகும்.

சூப்பர் ட்விஸ்டிங் பற்றியும் கேட்பீர்கள். லெவன்ட் 1993-இல் வெளியிட்ட விதி அது: sgn-ஐத் தொகையீட்டுக்குள் தள்ளி, வெளியே |s|-இன் வர்க்கமூலத்தோடு ஒரு உறுப்பு வைக்கிறது. முறுக்கு பாயாமல் தொடர்ச்சியாக வருகிறது, தாமதமில்லாத உலகில் s-உம் உண்மையாகவே சுழியத்துக்கு வருகிறது. கேட்கும் நிபந்தனை வேறு: d-இன் அளவுக்கு எல்லை போதாது, d மாறும் வேகத்துக்கு எல்லை வேண்டும். வாளி நிரம்புவது சரி. வாளி தண்ணீரில் மோதும் கணத்திலும், கை திசை மாறும்போது உராய்வு குறி மாறும் கணத்திலும் d திடீரென்று தாவுகிறது. அப்போது s கோட்டை விட்டு விலகி மீண்டும் வரும். தாமதங்கள் இருந்தால் இதுவும் அலையும். ஆகவே என்கோடரையும் வடிகட்டியையும் சரி செய்யாமல் இதற்குத் தாவாதீர்கள். சரி செய்தபின் இரண்டையும் ஒப்பிட்டால் அறிக்கைக்கு நல்ல அத்தியாயம்.

எது செய்தாலும் முதலில் சிமுலேஷனுக்குள் அந்த இரண்டு 5 மில்லிசெக்கன் தாமதங்களையும் என்கோடர்ப் படியையும் போடுங்கள். அங்கேயே அடி வர வேண்டும். வராவிட்டால் உங்கள் சிமுலேஷனில் இன்னும் ஏதோ விடுபட்டிருக்கிறது, பெரும்பாலும் கியர் ஆட்டம்.

வைவாவில் ஒரு கேள்வி நிச்சயம் வரும், தயாராகப் போங்கள்: "φ போட்டபின் இதற்கும் சாதாரண PD-க்கும் என்ன வித்தியாசம்?" நியாயமான கேள்வி. எல்லைக்குள் u-வின் முக்கியப் பகுதி −(K/φ)(e' + λe), அதாவது −20e' − 80e. இது PD தான், தொகையீடு சேர்த்தால் PID தான், மறுக்க வேண்டாம். வித்தியாசம் 20-உம் 80-உம் எங்கிருந்து வந்தன என்பதில் இருக்கிறது: 4 வந்தது வாளியின் பாரத்தின் எல்லையிலிருந்து, 0.2 வந்தது தாமதங்களிலிருந்து, λ வந்தது கை எவ்வளவு வேகமாக நிலைக்கு வர வேண்டும் என்பதிலிருந்து. வாளியை 1.5 கிலோவாக்கச் சொன்னால் எந்த எண்ணை மாற்ற வேண்டும், அதனால் φ எவ்வளவு கூடும், கை எத்தனை பாகை தாழும் என்று பலகையில் நின்று சொல்லலாம்.